சரியும் கோடு: நீர் வளைவதும் கார்பன் டை ஆக்சைடு நிமிர்ந்து நிற்பதும்

நடுவில் ஒரு நைட்ரஜன், இரு பக்கமும் ஒவ்வோர் ஆக்சிஜன். இந்த மூன்று அணுக்களின் கூட்டு மூன்று விதமாகக் கிடைக்கிறது. அடர் நைட்ரிக் அமிலத்தையும் அடர் கந்தக அமிலத்தையும் கலக்கும்போது உருவாகும் நைட்ரோனியம் அயனி, NO₂⁺, நேர்கோடாக இருக்கும். பிணைப்புக் கோணம் 180 பாகை. அதற்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்தால் அது பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடு வாயு. கோணம் 134 பாகைக்கு இறங்கிவிடும். இன்னும் ஒன்றைக் கொடுத்தால் நைட்ரைட் அயனி. கோணம் சுமார் 115. அணுக்கள் அதே அணுக்கள்தான். எலக்ட்ரான் ஒன்று கூடும்போதெல்லாம் மூலக்கூறு மேலும் ஒரு படி மடங்குகிறது.

நைட்ரோனியம் அயனியில் இணைதிறன் எலக்ட்ரான்கள் 16. கார்பன் டை ஆக்சைடிலும் 16தான், அதுவும் நேர்கோடுதான். நீரில் 8, கோணம் 104.5 பாகை. ஆக, பதினாறுக்கு மேல் வரும் அந்த ஓர் எலக்ட்ரான் எங்கே போய் உட்காருகிறது, அங்கே உட்கார்ந்து ஏன் மூலக்கூறை வளைக்கிறது என்று தெரிந்துவிட்டால் நீரின் கதையும் அதிலேயே வந்துவிடும்.

இதற்குப் பள்ளியில் சொல்லித்தரும் விடை வேறு. நீரில் ஆக்சிஜன் மேல் இரண்டு தனித்த எலக்ட்ரான் இரட்டைகள் இருக்கின்றன, அவை பிணைப்புகளைத் தள்ளுகின்றன. கார்பன் டை ஆக்சைடில் கார்பன் மேல் அப்படி எதுவும் இல்லை, அதனால் அது நேராக நிற்கிறது. 1940இல் சிட்ஜ்விக், பவல் இருவரும் தொடங்கி, 1957இல் கில்லெஸ்பி, நைஹோம் இருவரும் வளர்த்த விலக்கல் கொள்கை இது. வடிவத்தைச் சரியாகச் சொல்லிவிடும், குறை சொல்ல முடியாது. ஆனால் நீரின் இரண்டு தனித்த இரட்டைகளும் ஒரே மாதிரியானவை, முயல் காதுகளைப் போல இரண்டு பக்கம் நீட்டிக்கொண்டிருப்பவை என்ற படத்தையும் அது மாணவர் மனதில் பதித்துவிடுகிறது. அந்தப் படம் சோதனைக்கு நிற்பதில்லை. எப்படி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னொரு வழியை 1953இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆர்தர் டொனால்ட் வால்ஷ் விரிவாக எழுதினார். அமெரிக்காவில் ராபர்ட் முல்லிக்கன் 1942லேயே இதன் கருவைச் சொல்லியிருந்தார். வால்ஷ் அதை ஒவ்வொரு மூலக்கூறு வகைக்கும் ஒரு படமாக வரைந்து, தொடர் கட்டுரைகளாக வெளியிட்டார். படம் எளிது. கிடை அச்சில் பிணைப்புக் கோணம், 90 பாகையிலிருந்து 180 வரை. நெடுக்கு அச்சில் ஆற்றல். மூலக்கூறு வளைய வளைய ஒவ்வொரு மூலக்கூறு ஆர்பிட்டாலின் ஆற்றலும் ஏறுகிறதா, இறங்குகிறதா, அப்படியே இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. பிறகு எலக்ட்ரான்களை அடியிலிருந்து இரண்டிரண்டாக நிரப்பிக்கொண்டு வர வேண்டும். நிரம்பிய கோடுகள் எல்லாம் சேர்ந்து எந்தக் கோணத்தில் தாழ்வாக இருக்கின்றனவோ அதுதான் மூலக்கூறின் வடிவம்.

நீருக்கு இதைச் செய்து பார்ப்போம். முதலில் நீரை நேராக்கிக்கொள்வோம்: ஹைட்ரஜன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஒரே கோட்டில். ஆக்சிஜனிடம் கோள வடிவ 2s ஒன்றும், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று 2p-களும் இருக்கின்றன. ஹைட்ரஜன்களிடம் ஆளுக்கொரு 1s. இவை கலந்து உருவாகும் ஆர்பிட்டால்களில் அடியிலிருக்கும் நான்கு மட்டுமே நமக்குத் தேவை, ஏனென்றால் எட்டு எலக்ட்ரான்களும் அவற்றிலேயே அடங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஆக்சிஜனின் 2s-உம் இரண்டு ஹைட்ரஜன்களும் ஒரே குறியில் சேர்ந்தது. வளைத்தால் ஹைட்ரஜன்கள் ஒன்றையொன்று நெருங்கும். ஒரே குறி என்பதால் ஆற்றல் கொஞ்சம் குறையும். பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்கு மேலே இருப்பது, பிணைப்பு அச்சின் வழியே கிடக்கும் 2p-யோடு இரண்டு ஹைட்ரஜன்களும் எதிர் எதிர்க் குறியில் சேர்ந்தது. நேர்கோட்டில் ஹைட்ரஜன்கள் அந்த p-யின் இரு மடல்களுக்கும் நேர் முனையில் இருக்கின்றன. மேற்பொருந்தல் அங்கேதான் உச்சம். வளைத்தால் இரண்டும் மடலை விட்டு விலகுகின்றன, போதாததற்கு எதிர்க் குறியோடு ஒன்றையொன்று நெருங்குகின்றன. இந்தக் கோடு ஏறும். மூலக்கூறை நேராக வைத்திருக்க முயல்வது இதுதான்.

மிச்சம் இருப்பவை அச்சுக்குச் செங்குத்தான இரண்டு p-கள். நேர்கோட்டு வடிவத்தில் இரண்டும் சம ஆற்றல் கொண்டவை, இரண்டுக்கும் ஹைட்ரஜனோடு எந்த உறவும் இல்லை. ஹைட்ரஜன்கள் அவற்றின் கணுத் தளத்தில் நிற்கின்றன. இப்போது மூலக்கூறை இந்தத் தாளின் தளத்திலேயே வளைப்போம். தாளுக்குச் செங்குத்தாக நிற்கும் p-க்கு ஒன்றும் ஆகாது. எவ்வளவு வளைத்தாலும் ஹைட்ரஜன்கள் அதன் கணுத் தளத்தை விட்டு வெளியே வருவதில்லை. அதன் கோடு 90 முதல் 180 வரை மட்டமாகப் போகும். தாளின் தளத்திலேயே இருக்கும் மற்ற p-யின் நிலை வேறு. ஹைட்ரஜன்கள் இரண்டும் அதன் ஒரு மடலை நோக்கி வருகின்றன. அதுவரை பிணைப்பில் பங்கே இல்லாதிருந்த ஆர்பிட்டாலுக்கு இப்போது பங்கு கிடைக்கிறது. அத்துடன், நேர்கோட்டில் சமச்சீர் தடுத்து வைத்திருந்த ஒரு கலப்பும் இப்போது நடக்கிறது: ஆக்சிஜனின் 2s இதற்குள் புகுகிறது. ஆக்சிஜன் அணுவில் 2p-யின் ஆற்றல் ஏறக்குறைய −16 எலக்ட்ரான் வோல்ட், 2s-இன் ஆற்றல் ஏறக்குறைய −32. இவ்வளவு ஆழமான ஒன்றின் சாயல் சிறிது கிடைத்தாலும் ஆற்றல் கணிசமாக இறங்கும். படத்திலேயே செங்குத்தாகச் சரியும் கோடு இது ஒன்றுதான். நூல்களில் இதற்கு 3a₁ என்று பெயர். மட்டமாகப் போகும் மற்றதற்கு 1b₁. இங்கே முதலாவதைச் சரியும் கோடு என்றே சொல்லிப்போகிறேன்.

இப்போது எலக்ட்ரான்களை நிரப்பலாம். நான்கு எலக்ட்ரான்கள் மட்டும் உள்ள BeH₂-இல் அடியில் உள்ள இரண்டு கோடுகளே நிரம்புகின்றன. ஏறும் கோடு வெல்கிறது, மூலக்கூறு நேர்கோடு. ஐந்தாவது எலக்ட்ரான் சரியும் கோட்டில் உட்காருகிறது: BH₂-இன் கோணம் 131 பாகை. ஆறு எலக்ட்ரான் உள்ள CH₂-க்கு இரண்டு வழிகள் உண்டு. ஆறாவது எலக்ட்ரான் மட்டக் கோட்டுக்குப் போனால் சரியும் கோட்டில் இருப்பது ஒன்றே. இந்த மும்மை நிலையில் கோணம் 134. இரண்டும் சரியும் கோட்டிலேயே ஜோடி சேர்ந்தால் கிடைக்கும் ஒருமை நிலையில் 102. ஒரே மூலக்கூறு, ஒரே எண்ணிக்கை, ஓர் எலக்ட்ரான் இருக்கையை மாற்றிக்கொண்டதற்கு 32 பாகை வேறுபாடு! ஏழு எலக்ட்ரான் உள்ள NH₂-இல் சரியும் கோட்டில் இரண்டு, மட்டக் கோட்டில் ஒன்று, கோணம் 103. எட்டாவது எலக்ட்ரானும் மட்டக் கோட்டுக்கே போகிறது. நீர்: 104.5.

கடைசி மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஆறு, ஏழு, எட்டு என்று எலக்ட்ரான்கள் கூடியும் கோணம் 102, 103, 104.5 என்று ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. மட்டக் கோட்டில் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் வடிவத்துக்கு அதில் அக்கறை இல்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது கடினம். நீரின் தனித்த இரட்டைகள் என்று நாம் சொல்லும் இரண்டில் ஒன்றுதான் நீரை வளைக்கிறது. மற்றது வேடிக்கை பார்க்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: அந்த எலக்ட்ரான்களைத் தனித்தனியாகப் பிடுங்கிப் பார்ப்பது. 1960களின் தொடக்கத்தில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டேவிட் டர்னர் உருவாக்கிய ஒளியெலக்ட்ரான் நிறமாலை முறை இதைத்தான் செய்கிறது. ஹீலியம் விளக்கிலிருந்து வரும் 21.2 எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் நீராவியைத் தாக்குகிறது. வெளியே பாயும் எலக்ட்ரானின் இயக்க ஆற்றலை அளக்கிறார்கள். 8.6 எலக்ட்ரான் வோல்ட்டோடு வரும் எலக்ட்ரான் 12.6 ஆழத்தில் இருந்தது; 6.5-ஓடு வருவது 14.7 ஆழத்தில் இருந்தது. இரண்டு தனித்த இரட்டைகளும் ஒன்றுதான் என்றால் 12.6, 14.7 என்று இரண்டு தனித்தனிப் பட்டைகள் இவ்வளவு இடைவெளியோடு வர வேண்டியதில்லை.

பட்டைகளின் வடிவம் இன்னும் அதிகம் சொல்கிறது. 12.6-இல் வரும் முதல் பட்டை கூர்மையான ஒரு சிகரம், அதற்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாகச் சில. எலக்ட்ரான் போன பிறகும் மூலக்கூறின் வடிவம் ஏறக்குறைய அப்படியே இருந்தால்தான் இப்படி வரும். மட்டக் கோட்டிலிருந்து போன எலக்ட்ரான் அது. இரண்டாவது பட்டை சுமார் 14-இலிருந்து 16 எலக்ட்ரான் வோல்ட் வரை, வளைவு அதிர்வின் படிகளோடு, நீண்டுகொண்டே போகிறது. எலக்ட்ரான் போன கணத்தில் மூலக்கூறு தன் புதிய வடிவத்துக்கு வெகு தூரத்தில் நிற்கிறது, அந்த இடைவெளியைக் கடக்க வளைவு அதிர்வில் பல படிகள் ஏறி இறங்குகிறது என்பது இதன் பொருள். சரியும் கோட்டில் ஓர் எலக்ட்ரானை இழந்த அந்த நிலையில் நீர் அயனியின் சமநிலை வடிவம் நேர்கோடு.

இங்கே கவனமாகப் படிப்பவர் குறுக்கிடுவார். சரியும் கோட்டில் ஓர் எலக்ட்ரான் இருந்தால் கோணம் 131, 134 என்றீர்களே, இந்த அயனியில் ஒன்று மிச்சம் இருந்தும் நேர்கோடாகிவிட்டதே? நியாயமான கேள்வி. விடை சரிவின் செங்குத்தில் இருக்கிறது. சரிவுக்குக் காரணம் s கலப்பது. s-உம் p-யும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவோ அவ்வளவு நன்றாகக் கலக்கும். அந்த இடைவெளி போரானில் சுமார் 6 எலக்ட்ரான் வோல்ட், கார்பனில் 9, நைட்ரஜனில் 12, ஆக்சிஜனில் 16. கலப்பு இந்த வரிசையில் குறைகிறது, சரிவு ஆறுகிறது. ஒற்றை எலக்ட்ரான் மட்டும் சரியும் கோட்டில் உள்ள நிலைகளை வரிசையாக வைத்தால் கோணமும் அப்படியே நிமிர்கிறது: BH₂ 131, CH₂ 134, கிளர்வுற்ற NH₂ சுமார் 144, கிளர்வுற்ற நீர் அயனி 180. இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கும்போது சரிவு கொஞ்சம் ஆறினாலும் வளைவு வென்றுவிடுகிறது, அதனால்தான் நீர் வளைந்தே இருக்கிறது. நீரை வலுக்கட்டாயமாக நேராக்க சுமார் 1.4 எலக்ட்ரான் வோல்ட் செலவழிக்க வேண்டும். அறை வெப்பநிலையில் அது நடக்கிற காரியம் இல்லை.

இனி கார்பன் டை ஆக்சைடு. நீருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நடு அணுவில் இருப்பதாகவே எல்லோருக்கும் தோன்றும். உண்மையில் அது முனை அணுக்களில் இருக்கிறது. ஹைட்ரஜனிடம் இருப்பது ஒரே ஒரு s. ஆக்சிஜனிடம் s-உம் மூன்று p-களும் உண்டு. இரண்டு ஆக்சிஜன்கள் என்றால் எட்டு. ஆகவே நடு அணுவின் செங்குத்து p-யின் முறை வருவதற்கு முன் நிரம்ப வேண்டிய இடங்கள் இங்கே அதிகம். நீர் வகையில் சரியும் கோட்டுக்கு முன் நிரம்புபவை இரண்டு ஆர்பிட்டால்கள், அதாவது நான்கு எலக்ட்ரான்கள். கார்பன் டை ஆக்சைடு வகையில் எட்டு ஆர்பிட்டால்கள், பதினாறு எலக்ட்ரான்கள். கார்பன் டை ஆக்சைடிடம் இருப்பது சரியாகப் பதினாறு.

அந்த எட்டில் கீழே உள்ளவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். வளைத்தால் சில சற்று இறங்கும், சில ஏறும். கார்பனின் அச்சு வழி p-யோடு சேர்ந்தது, நீரில் பார்த்த அதே காரணத்துக்காக, நன்றாகவே ஏறும். கவனிக்க வேண்டியவை உச்சியில் உள்ள இரண்டு. இவை ஆக்சிஜன்களின் செங்குத்து p-கள் எதிர் எதிர்க் குறியில் அமைந்தவை. கார்பனுக்கு இவற்றில் பங்கு இல்லை. மூலக்கூறை வளைத்தால் எதிர்க் குறி மடல்கள் ஒன்றையொன்று நெருங்கும், ஆற்றல் ஏறும். நிரம்பிய கோடுகளின் மொத்தக் கணக்கு வளைவுக்கு எதிராகவே முடிகிறது.

இவற்றுக்கு மேலே, காலியாக, அந்தச் சரியும் கோடு. நேர்கோட்டில் அது கார்பனின் செங்குத்து p-யும் இரண்டு ஆக்சிஜன்களின் p-களும் எதிர்பிணைப்பாகச் சேர்ந்தது, ஆற்றல் உயரத்தில் இருக்கிறது. வளைத்தால் கார்பனின் s அதற்குள் புகும், எதிர்பிணைப்பின் கடுமை தணியும், கோடு தலைகுப்புற இறங்கும். நீரில் நடந்ததேதான். ஆனால் காலி ஆர்பிட்டால் எவ்வளவு இறங்கினாலும் மூலக்கூறுக்கு லாபம் இல்லை. கார்பன் டை ஆக்சைடு நேராக இருப்பதற்குக் காரணம் அதன் இரட்டைப் பிணைப்புகள் அல்ல, அந்த இருக்கை காலியாக இருப்பது.

இருக்கையை நிரப்பினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். சோடியம் ஃபார்மேட் படிகத்தைக் காமா கதிருக்குக் காட்டினால் ஹைட்ரஜன் பிரிந்து CO₂⁻ அயனி படிகத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு மூலம் அளந்ததில் அதன் கோணம் சுமார் 134 பாகை; அதே 17 எலக்ட்ரான் கொண்ட நைட்ரஜன் டை ஆக்சைடும் 134. பதினெட்டு எலக்ட்ரான் என்றால் சரியும் கோட்டில் இரண்டு: நைட்ரைட் 115, ஓசோன் 117, சல்ஃபர் டை ஆக்சைடு 119. தனித்து நிற்கும் கார்பன் டை ஆக்சைடு பதினேழாவது எலக்ட்ரானை விரும்பி வாங்காது. வாயு நிலையில் CO₂⁻ அயனி மைக்ரோ நொடிக் கணக்கில் வாழ்ந்து எலக்ட்ரானை உதறிவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடை மின்முனையில் ஒடுக்கி எரிபொருளாக்க முயல்பவர்கள் திணறுவதற்கு ஒரு காரணம் இது. முதல் எலக்ட்ரானைக் கொடுப்பதென்றால் மூலக்கூறை மடக்கவும் வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து ஆற்றல் கட்ட வேண்டும்.

இந்தப் படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? CH₂-இன் மும்மை நிலையை வைத்தே ஒரு பாடம் உண்டு. நிறமாலையியலில் அந்தக் காலத்தில் மறுபேச்சில்லாத பெயர் கெர்ஹார்ட் ஹெர்ஸ்பெர்க். 1959இல் CH₂-இன் நிறமாலையை முதலில் பதிவு செய்த அவர், மும்மை நிலை நேர்கோடு அல்லது ஏறக்குறைய நேர்கோடு என்று முடிவு செய்தார். சரியும் கோட்டில் ஓர் எலக்ட்ரான் இருந்தும் வளையவில்லையா? 1960இல் ஃபாஸ்டர், பாய்ஸ் இருவரும் கணக்கிட்டு 129 பாகை என்றார்கள்; பலர் பொருட்படுத்தவில்லை. 1970இல் பெண்டர், ஷேஃபர் இருவரின் கணக்கு 135 என்றது, அதே ஆண்டு எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு அளவீடுகளும் வளைந்ததுதான் என்று காட்டின. ஹெர்ஸ்பெர்க் தன் தரவைத் திரும்பப் பார்த்து 1971இல் ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டுதான் அவருக்கு வேதியியல் நோபலும் வந்தது.

ஆனால் படம் எப்போதும் வெல்வதில்லை, தோற்கும் இடங்களும் ஒரு காரணத்தோடுதான் தோற்கின்றன. நெடுக்கு அச்சில் உள்ள ஆர்பிட்டால் ஆற்றல்களைக் கூட்டினால் மூலக்கூறின் மொத்த ஆற்றல் கிடைத்துவிடாது. அந்தக் கூட்டலில் எலக்ட்ரான்களுக்கிடையேயான விலக்கல் இரண்டு முறை எண்ணப்படுகிறது, அணுக்கருக்களுக்கிடையேயான விலக்கல் எண்ணப்படுவதே இல்லை. சாதாரண சகப் பிணைப்பு மூலக்கூறுகளில் கோணம் மாறும்போது இந்த இரண்டு பிழைகளும் ஏறக்குறைய ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. மின்சுமை பெருமளவு இடம் மாறிய மூலக்கூறில் தின்னாது. லித்தியம் ஆக்சைடு வாயு, Li₂O, நீரைப் போலவே 8 இணைதிறன் எலக்ட்ரான் கொண்டது. படத்தின்படி வளைய வேண்டும். அது நேர்கோடு. அங்கே எலக்ட்ரான்கள் ஆக்சிஜனிடம் போய்விட்டன, முனைகளில் நிற்பவை இரண்டு லித்தியம் நேர் அயனிகள். அவை ஒன்றையொன்று எவ்வளவு தூரம் விலக்க முடியுமோ அவ்வளவு விலக்கி எதிரெதிரே நிற்கின்றன.

மறுபக்கத் தோல்வியும் உண்டு. பேரியம் ஃபுளூரைடு வாயு, BaF₂, கார்பன் டை ஆக்சைடைப் போல 16 எலக்ட்ரான் கொண்டது. 1963இல் ஹார்வர்டில் வில்லியம் கிளெம்பரரின் குழு அந்த வாயுவை மெல்லிய கற்றையாக மின்புலத்தின் ஊடே செலுத்திப் பார்த்தது. நேர்கோட்டு மூலக்கூறுக்கு இருமுனைத் திருப்புத்திறன் இருக்காது. கற்றை விலகும் விதத்தில் அது தெரிந்துவிடும். மக்னீசியம் ஃபுளூரைடு நேர்கோட்டு மூலக்கூறைப் போல நடந்துகொண்டது, பேரியம் ஃபுளூரைடு நடந்துகொள்ளவில்லை, அது வளைந்தது. வால்ஷ் கணக்கில் s-உம் p-யும் மட்டுமே உண்டு. பேரியத்தில் காலியாக இருக்கும் 5d ஆர்பிட்டால்களும் கைக்கெட்டும் ஆற்றலில் இருக்கின்றன, அடியில் உள்ள எலக்ட்ரான் கூடும் எளிதில் உருக்குலையக் கூடியது. இரண்டுமே வளைவுக்குத் துணை போகின்றன.

ஆகவே என் தீர்ப்பு இது. போரானிலிருந்து ஆக்சிஜன் வரையிலும், அவற்றை அடுத்த வரிசையிலும், பிணைப்பு முழுக்க அயனித்தன்மை அடையாத வரையில், சரியும் கோட்டில் எத்தனை எலக்ட்ரான் என்று எண்ணினால் போதும். வளையுமா வளையாதா என்பது தெரிந்துவிடும். துல்லியமான கோணத்தை இந்தப் படத்திடம் கேட்கக் கூடாது, அதற்குக் கணினிக் கணக்கு இருக்கிறது. வகுப்பில் நீரின் மேல் இரண்டு முயல் காதுகளை வரையும் ஆசிரியர்கள் அடுத்த முறை அதன் பக்கத்திலேயே 12.6, 14.7 என்ற அந்த இரண்டு பட்டைகளையும் வரைந்து காட்டட்டும்.